சர்க்கரை இறங்கும்போது: நடுக்கமும் வியர்வையும் திடீர்ப் பசியும்

இரத்தத்தில் குளுக்கோஸ் அளவு ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மருத்துவர்கள் அதைத் தாழ்சர்க்கரை என்கிறார்கள். வீட்டில் எல்லோரும் ‘லோ சுகர்’ என்பார்கள். சர்க்கரை கூடுவது ஆண்டுக்கணக்கில் ஓசையில்லாமல் உடம்பைக் கெடுக்கும். குறைவதோ சில நிமிடங்களில் ஆளைக் கீழே தள்ளிவிடும். இது பெரும்பாலும் நோயால் வருவதில்லை, நோய்க்குத் தரும் மருந்தால் வருகிறது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும்தான் இந்தத் தொல்லை அதிகம்.

மூளை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸைச் செலவழிக்கிறது. அதைச் சேமித்து வைத்துக்கொள்ள மூளையில் இடமில்லை. இரத்தம் கொண்டுவருவதை அவ்வப்போது வாங்கித்தான் பிழைக்க வேண்டும். அதனால் குளுக்கோஸ் இறங்கத் தொடங்கியதுமே உடம்பு தற்காப்பில் இறங்கிவிடுகிறது. அளவு 80-ஐ ஒட்டி வரும்போது கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. 70-க்குக் கீழே போகும்போது குளுக்ககான் என்ற இன்னொரு ஹார்மோனும், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரினலினும் இரத்தத்தில் கலக்கின்றன. இரண்டும் கல்லீரலை உசுப்பி, அங்கே சேர்த்து வைத்த சர்க்கரையை வெளியே கொண்டுவருகின்றன.

கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் காரணமில்லாத பயமும் இந்த அட்ரினலினின் வேலை. அதே நேரத்தில் தன்னியக்க நரம்புகளின் இன்னொரு பிரிவும் விழித்துக்கொள்வதால் குப்பென்று வியர்க்கிறது, வயிற்றைக் கிள்ளும் பசி எடுக்கிறது, உதட்டைச் சுற்றி மரத்துப்போனதுபோல் இருக்கிறது. ‘உடம்பில் தெம்பில்லை, அதனால் நடுங்குகிறது’ என்று நினைக்கிறோம். உண்மையில் அது பலவீனத்தின் நடுக்கமல்ல, உடம்பு அடிக்கும் அபாய மணி. ஊசியால் இன்சுலின் போட்டுக்கொண்டவருக்கு ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. தோலுக்கு அடியில் போய்விட்ட மருந்தை உடம்பால் திரும்பப் பெற முடியாது. தற்காப்பின் முதல் படியே அவருக்கு இல்லை.

அளவு 54-க்குக் கீழே போனால் அடையாளங்களின் தன்மையே மாறுகிறது. இப்போது பட்டினி கிடப்பது மூளை. மீதிச் சில்லறையை எண்ண வராது. சட்டைப் பொத்தான் மாறி மாறி ஏறும். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். நாக்கு குழறும், பார்வை இரண்டாகத் தெரியும். சாதுவான மனிதர் திடீரென்று எரிந்து விழுவார், சர்க்கரைத் தண்ணீரை நீட்டினால் தட்டிவிடுவார். இன்னும் இறங்கினால் வலிப்பும் நினைவிழப்பும் வரும். இன்சுலினைப் பிரித்தெடுத்த டொராண்டோ ஆய்வகத்தில் 1922 வாக்கிலேயே இதைப் பார்த்துவிட்டார்கள். சாற்றை ஊசியில் ஏற்றிய முயல்கள் வலிப்பு வந்து சுருண்டு விழுந்தன, குளுக்கோஸ் செலுத்தியதும் எழுந்து நடமாடின. அந்த மருந்தின் வீரியத்தை முதலில் அளந்ததே முயலை வைத்துத்தான்.

இந்த இரண்டாம் கட்டத்தைப் பார்க்கிறவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு மிக அதிகம். தெருவில் தள்ளாடுகிறவரைக் குடித்திருக்கிறார் என்று விலகிப் போய்விடுகிறார்கள். வயதானவருக்கு ஒரு பக்கக் கை கால் மட்டும் தளர்ந்துபோவதும் உண்டு. பக்கவாதம் என்றே அது தோன்றும். அவசரச் சிகிச்சைப் பிரிவில் நினைவு தப்பி வருகிற எவருக்கும் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது இதனால்தான். உண்மையாகவே குடித்திருப்பவரிடம் ஆபத்து இரட்டிப்பாகிறது. சாராயத்தைக் கரைக்கும் வேலையில் இருக்கும் கல்லீரலால் புதிதாகக் குளுக்கோஸ் உண்டாக்க முடியாது. சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுத்தவருக்கு மறுநாள் காலையில்கூடச் சர்க்கரை இறங்கும். வாயில் அடிக்கும் வாடையோ பார்க்கிறவர்களை ஏமாற்றிவிடும்.

தூக்கத்தில் வரும் தாழ்சர்க்கரை பெரும்பாலும் ஆளை எழுப்புவதில்லை. அதைக் காலையில் தடயங்களைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டும்: தலையணையும் பனியனும் நனைந்திருக்கும், இரவெல்லாம் கெட்ட கனவு வந்திருக்கும், தலை வலிக்கும், எட்டு மணி நேரம் தூங்கியும் அசதி போயிருக்காது. சந்தேகம் இருந்தால் இரண்டொரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சர்க்கரை பார்க்கச் சொல்வார்கள்.

நடுங்கியது, வியர்த்தது என்பதை மட்டும் வைத்துத் தாழ்சர்க்கரை என்று முடிவு கட்டிவிட முடியாது. மாரடைப்பிலும் வியர்த்துக் கொட்டும். தைராய்டு கூடினாலும் கை நடுங்கும். வெறும் பதற்றத்திலும் நெஞ்சு படபடக்கும். கணையக் கட்டி என்று நினைத்து யாருக்கு அறுவை செய்வது, யாருக்குச் செய்யாமல் விடுவது என்ற கேள்விக்காக அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1930-களில் மூன்று நிபந்தனைகளை வகுத்தார். தொல்லைகள் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்க வேண்டும். சர்க்கரை ஏறியதும் தொல்லைகள் மறைய வேண்டும். இன்றைக்கும் அவர் பெயராலேயே வழங்கும் இந்த மூன்றும் பொருந்தினால்தான் நோய் உறுதி.

வீட்டில் நடுநிலை நிபந்தனையை நிறைவேற்றித் தருவது குளுக்கோமீட்டர். அதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியது. மாம்பழம் நறுக்கிய விரலையோ லட்டு பிடித்த விரலையோ கழுவாமல் குத்தினால், தோலில் ஒட்டிய இனிப்பும் சேர்ந்து அளவு கூடுதலாகக் காட்டும். 55 இருப்பவருக்கு 120 என்று வந்து எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். மேலும், 100-க்குக் கீழே உள்ள அளவுகளில் 15 புள்ளி வரை முன்பின் காட்டுவதைத் தரமான கருவிகளுக்கே தரவிதிகள் அனுமதிக்கின்றன. எனவே, தொல்லைகள் தெளிவாக இருந்து கருவி 74 என்று காட்டினால், கருவியோடு வாதாடிக்கொண்டிராமல் சர்க்கரை கொடுப்பதே சரி. கருவியே இல்லாத இடத்திலும் அப்படித்தான். தவறாகக் கொடுத்த மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையால் பெரிய தீங்கு வராது, கொடுக்காமல் விடுவதால் வரும்.

இதற்கு நேர்மாறான ஒரு நிலையும் உண்டு. பல மாதமாக 300-லேயே இருந்தவருக்கு மருந்து தொடங்கி 130-க்கு இறங்கும்போது அதே நடுக்கமும் பசியும் வரும். உடம்பு உயர்ந்த அளவுக்குப் பழகிப்போனதால் வரும் பொய் எச்சரிக்கை அது. சில வாரங்களில் தானே அடங்கிவிடும். அதற்காக ஒவ்வொரு முறையும் இனிப்பைத் தின்றால் சர்க்கரை கட்டுக்குள் வரவே வராது.

எந்த மருந்து ஆபத்தானது என்பது வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மெட்ஃபார்மினைத் தனியாகச் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை அதிகம் இறங்குவதில்லை. கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு போன்றவை வேறு ரகம். சாப்பாடு வயிற்றுக்குள் போனதா இல்லையா என்று பார்க்காமல் அவை கணையத்தைப் பிழிந்துகொண்டே இருக்கும். அவற்றில் கிளிபென்கிளமைடு நெடுநேரம் உடம்பில் தங்கும், அதன் எச்சங்களில் ஒரு பகுதி சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். சிறுநீரகம் மந்தமான முதியவருக்கு அது அடிக்கடி வில்லங்கமாகிறது. இங்கே பலர் சாப்பிடும் ஒரே மாத்திரையில் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் வோக்லிபோஸும் சேர்ந்திருக்கும். இந்த மூன்றாவது பெயரை அட்டையில் தேடிப் பார்த்துக்கொள்வது நல்லது. காரணம் கீழே உள்ள சம்பவத்தில் தெரியும்.

அடிக்கடி நடப்பதுபோன்ற ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொள்ளலாம். 64 வயது ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர், இந்த மூன்று மருந்தும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர், கல்யாணத்துக்குக் கிளம்புகிறார். டிபன் மண்டபத்தில் என்று முடிவு செய்து, காலை 7 மணிக்கு வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். பேருந்து தாமதம். மண்டபம் சேர்ந்தால் முகூர்த்தம் நெருங்கிவிட்டது, தாலி கட்டி முடியட்டும் என்று உட்கார்ந்துவிடுகிறார். 10 மணிக்குக் கை நடுங்குகிறது, சட்டை முதுகோடு ஒட்டுகிறது. மண்டபத்தில் புழுக்கம் என்று பக்கத்தில் இருப்பவர் விசிறிவிடுகிறார். 10.20-க்குப் பேரனை ஏதோ ஒன்றுக்குக் கடுமையாக அதட்டுகிறார், மொய்க் கவரில் எழுதின பெயரையே மறுபடியும் எழுதுகிறார். களைப்பாக இருக்கிறார் என்று மனைவி ஒரு காபி வாங்கி வருகிறார். ‘சுகர்’ இருப்பவர் என்பதால் அதில் சர்க்கரை இல்லை.

மருமகள் பையிலிருந்த கருவியில் பார்த்தால் 46. உடனே டம்ளரில் சர்க்கரை கரைத்துக் கொடுக்கிறார்கள். இங்கேதான் வோக்லிபோஸ் குறுக்கே நிற்கிறது. வீட்டுச் சர்க்கரை அப்படியே இரத்தத்தில் ஏறாது. குடலில் ஒரு நொதி அதை இரண்டாக உடைத்த பிறகுதான் குளுக்கோஸ் கிடைக்கும். அந்த நொதியைக் கட்டிப்போடுவதுதான் வோக்லிபோஸின் வேலையே. அகார்போஸும் அப்படித்தான். எனவே 15 நிமிடம் கழித்தும் 51-தான் காட்டுகிறது. பக்கத்து மருந்துக்கடைக்கு ஓடி வாங்கி வந்த குளுக்கோஸ் தூளில் மூன்று தேக்கரண்டியைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்துத் தருகிறார்கள். அடுத்த 15 நிமிடத்தில் 68. அதே அளவு இன்னொரு முறை. 94 வந்ததும் பந்தியில் உட்கார்ந்து இட்லியும் பொங்கலும் சாப்பிடுகிறார். பேரனை அதட்டியது அவருக்கு நினைவில்லை.

சிகிச்சையின் கணக்கு இதில் முழுவதும் இருக்கிறது. 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் காத்திருப்பு, மறுபடி பரிசோதனை, 70-ஐத் தாண்டாவிட்டால் இன்னொரு 15 கிராம். தட்டையாக அள்ளிய மூன்று தேக்கரண்டித் தூள் ஏறத்தாழ அந்த அளவுக்கு வரும். மணமூட்டிய குளுக்கோஸ் தூள்களில் சாதாரணச் சர்க்கரையும் கலந்திருக்கலாம் என்பதால், வோக்லிபோஸ் சாப்பிடுகிறவர் மணமில்லாத வெள்ளைத் தூளையே பையில் வைத்துக்கொள்வது உத்தமம். அந்த மருந்து சாப்பிடாதவருக்குச் சர்க்கரையும் போதும், ஒரு மேசைக்கரண்டித் தேனும் போதும், அரை டம்ளர் பழச்சாறும் போதும். சர்க்கரையில்லாத குளிர்பானம் எதற்கும் உதவாது. சாக்லேட்டும் ஐஸ்கிரீமும் நெய் சொட்டும் மைசூர்பாகும் இனிப்புதான் என்றாலும், கொழுப்பு வயிற்றைக் காலி ஆகவிடாமல் பிடித்து வைப்பதால் குளுக்கோஸ் ஏறத் தாமதமாகும். பிஸ்கட்டும் முதல் உதவிக்கு ஆகாது.

அந்த 15 நிமிடம்தான் கடினமான பகுதி. பசி அடங்காது, பதற்றம் தணியாது, கையில் கிடைத்ததை எல்லாம் வாரிப் போட்டுக்கொள்ளத் தோன்றும். அப்படிச் செய்தால் ஒரு மணி நேரத்தில் 280 வந்து நிற்கும், அதைப் பார்த்துப் பயந்து இன்சுலின் கூடுதலாகப் போட்டால் மறுபடி இறங்கும். இன்னொரு பக்கம், கரைத்துக் குடித்த குளுக்கோஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அடுத்த வேளைச் சாப்பாடு தள்ளியிருந்தால், சர்க்கரை ஏறிய பிறகு இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் பாலும் ரொட்டியுமோ உள்ளே போயாக வேண்டும்.

ஆள் நினைவிழந்திருந்தாலும், விழுங்க முடியாத அளவுக்கு அரை மயக்கத்தில் இருந்தாலும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பதறிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டுவது சகஜம். அது மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். குளுக்ககான் ஊசி வீட்டில் இருந்தால், பெரியவருக்கு 1 மில்லிகிராமைத் தொடைத் தசையில் போடலாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கண் விழிப்பார், வாந்தியும் எடுக்கலாம் என்பதால் ஒருக்களித்த நிலையை மாற்றக் கூடாது. இந்த ஊசி எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை. கல்லீரலில் இருப்பு இருந்தால்தான் அது வேலை செய்யும் என்பது இன்னொரு குறை. பட்டினியாக இருந்தவரிடமும் குடித்திருப்பவரிடமும் அது பலிக்காமல் போகலாம். மருத்துவமனையில் 25 சத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லிலிட்டரை நரம்பில் ஏற்றுகிறார்கள். அதில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். நினைவில்லாமல் தூக்கி வரப்பட்டவர் சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்து ‘நான் ஏன் இங்கே இருக்கிறேன்’ என்று கேட்பது அங்கே அன்றாடக் காட்சி.

எழுந்து உட்கார்ந்ததுமே வீட்டுக்குப் போகக் கேட்பதும் அன்றாடம்தான். இன்சுலினாலோ சாப்பிடாமல் விட்டதாலோ வந்ததென்றால் சில மணி நேரத்தில் அனுப்பிவிடலாம். மாத்திரையால் வந்ததென்றால் மருத்துவர் விடமாட்டார், விடவும் கூடாது. மாத்திரையின் தூண்டுதல் இன்னும் ஓயவில்லை, ஏற்றிய குளுக்கோஸே கணையத்தை இன்னும் சுரக்கவைக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு ஒரு நாள் முழுக்க, சில சமயம் அதற்கு மேலும், மறுபடி மறுபடி இறங்கும். கல்யாண மண்டபத்து மனிதரும் அன்று இரவுவரை இரண்டு மணிக்கொரு முறை பார்த்துக்கொள்ள வேண்டியவர்தான்.

சர்க்கரை ஏறிய பிறகு, ஏன் இறங்கியது என்று கண்டுபிடிக்காமல் விட்டால் அடுத்த வாரமும் இறங்கும். சாப்பாடு தள்ளிப்போனது, வழக்கத்துக்கு மேல் நடந்தது, விரதம், வாந்திபேதி என்று பெரும்பாலும் காரணம் வெளிப்படையாக இருக்கும். வெளிப்படையாக இல்லாத ஒன்று இன்சுலின் ஊசியில் ஒளிந்திருக்கிறது. நம் ஊர்க் குப்பிகளில் பெரும்பாலானவை மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டவை, அவற்றுக்கான ஊசி சிவப்பு மூடி போட்டது. மில்லிலிட்டருக்கு 100 யூனிட் கொண்ட மருந்தும் உண்டு, அதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். ஊர் மாறி வேறு கடையில் வாங்கும்போதும், மருத்துவமனையிலிருந்து வேறு குப்பியோடு வீடு திரும்பும்போதும் இந்தத் தவறு நடக்கிறது. அடிக்கடி ஒரே இடத்தில் குத்தித் தடித்துப்போன தோலும் ஒரு காரணம். அங்கே மருந்து அரைகுறையாகவே உறிஞ்சப்படும். அளவைக் கூட்டிப் பழகியவர் ஒருநாள் இடம் மாற்றிக் குத்தினால், அதே அளவு முழுதாக வேலை செய்துவிடும்.

அபாய மணி அடிக்காமலே போய்விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு முறை சர்க்கரை இறங்கினால், அடுத்த நாள் இறங்கும்போது அட்ரினலின் குறைவாகவே சுரக்கும் என்பதை அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் கிரையரின் ஆய்வுகள் காட்டின. அடிக்கடி இறங்குகிறவருக்கு நடுக்கமும் வியர்வையும் படிப்படியாக மறைந்து, நேராகக் குழப்பத்திலும் மயக்கத்திலும் போய் முடிகிறது. பல ஆண்டு இன்சுலின் போட்டவர்களிடம் இது கூடுதல். இரண்டு மூன்று வாரம் ஒரு தடவைகூட இறங்கவிடாமல், சற்று உயர்ந்த அளவிலேயே வைத்திருந்தால் இழந்த எச்சரிக்கை ஓரளவு திரும்புகிறது. தூக்கத்திலும் ஒலியெழுப்பி எழுப்பும் குளுக்கோஸ் உணரி இவர்களுக்குத்தான் உண்மையான பயன் தரும். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் சாப்பிடும் அட்டெனலால், மெட்டொப்ரொலால் வகை மாத்திரைகளும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் அவற்றால் மறைக்க முடியாது. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் காரணமில்லாமல் வியர்த்தாலே சர்க்கரை பார்க்க வேண்டும். எச்சரிக்கை தெரியாதவர் வண்டி ஓட்டக் கூடாது. தெரிந்தவரும் ஓட்டும் வழியில் இறங்கினால், சர்க்கரை சரியான பிறகு முக்கால் மணி நேரமாவது கழித்தே மறுபடி வண்டியை எடுக்க வேண்டும், ஏனென்றால் கருவியில் எண் ஏறிய பிறகும் மூளையின் நிதானம் திரும்பச் சற்று நேரமாகும்.

நீரிழிவே இல்லாதவர்களில் பலர் ‘எனக்கு லோ சுகர்’ என்று சொல்வதுண்டு. சாப்பிட்ட இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் நடுக்கமும் பசியும் வருவதை அவர்கள் விவரிப்பார்கள். அந்த நேரத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அளவு சரியாகவே இருக்கும். வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களில் சிலருக்கு அது உண்மையாகவே இறங்கும். உணவு விறுவிறுவென்று குடலில் இறங்க, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்துவிடுகிறது. இனிப்பையும் வெள்ளைச் சோற்றையும் குறைத்துச் சிறுசிறு வேளையாகச் சாப்பிடுவதே அதற்கு வைத்தியம்.

சாப்பிட்ட பிறகு அல்லாமல் வெறும் வயிற்றில், அதிகாலையில் மனக்குழப்பம் வருகிறது, சாப்பிட்டால் சரியாகிறது என்றால் கதை வேறு. கணையத்தில் இன்சுலினைத் தன்னிச்சையாகச் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக மருத்துவமனையில் வைத்து, தண்ணீர் மட்டும் தந்து, 72 மணி நேரம் வரை பட்டினி போடுகிறார்கள். சர்க்கரை இறங்கி அடையாளங்கள் தோன்றிய அந்தக் கணத்தில் இரத்தம் எடுத்து, இன்சுலினையும் அதோடு கூடவே கணையம் வெளியிடும் சி-பெப்டைடையும் அளக்கிறார்கள். இரண்டும் உயர்ந்திருந்தால் சுரப்பது கணையம்தான். இன்சுலின் மட்டும் உயர்ந்து சி-பெப்டைடு தாழ்ந்திருந்தால், யாரோ ஊசி போட்டிருக்கிறார்கள். இரண்டும் உயர்ந்திருந்தால் உடனே கட்டி என்று முடிவு செய்வதில்லை. சர்க்கரை மாத்திரையைத் தெரிந்தோ தெரியாமலோ விழுங்கியவருக்கும் இரண்டும் உயரும் என்பதால், இரத்தத்தில் மாத்திரையின் சுவடு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கட்டி என்று உறுதியானால், பெரும்பாலும் அது புற்றுநோயல்லாத, இரண்டு சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டியாக இருக்கும். அதை அறுத்து எடுத்துவிட்டால் சர்க்கரை இறங்குவது நின்றுவிடுகிறது.